சர்வேயில் 81% பேர் ‘மறப்பதில்லை’, பேட்டியில் 16-க்கு 11 பேர் ‘போடுவதில்லை’: எதை வைத்து எழுதுவது?

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நர்சிங்கில் பிஎச்டி செய்கிறேன். தீசிஸ் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

என் ஆய்வு, ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை சுகர் மாத்திரை வாங்குகிறவர்கள் அதை ஒழுங்காகப் போடுகிறார்களா என்பது. கலப்பு முறை. முதலில் 240 பேரிடம் வீட்டுக்கே போய் சர்வே. அதன்பின் 16 பேரிடம் பேட்டி.

சர்வேயில் “கடந்த இரண்டு வாரத்தில் மாத்திரை போட மறந்தது உண்டா?” என்று கேட்டோம். 46 பேர் மட்டும் உண்டு என்றார்கள். மீதி 194 பேர், அதாவது 81%, இல்லை என்றார்கள். “நேற்று மாத்திரை போட்டீர்களா?” என்பதற்கு 211 பேர் ஆமாம் என்றார்கள். பேட்டியிலோ 16 பேரில் 11 பேர் ஏதாவது ஒரு காரணத்துக்காக மாத்திரையை விடுவதாகச் சொல்கிறார்கள்.

கைடிடம் காட்டினேன். “ரெண்டும் ஒத்துப்போனாத்தான் முக்கோணச் சரிபார்ப்பு நடந்ததுன்னு எழுத முடியும். ஒத்துப்போகாத பேட்டியை அழுத்திச் சொல்லாதே” என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எக்ஸ்டர்னல் கேட்டால் என்ன பதில் சொல்வது? இப்போது என் தீசிஸில் நான்காம் அத்தியாயம் சர்வே, ஐந்தாம் அத்தியாயம் பேட்டி. இரண்டையும் இணைக்கும் இடம் முடிவுரையில் ஒரு பக்கம்தான்.

செந்தில் ஸ்டாட்ஸ்

மேடம், 240-ஐயும் 16-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தப்பு. 11/16 என்பது 69% என்று எழுதிவிட்டு 19%-உடன் மோதவிட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள். இன்னும் 40, 50 பேட்டி எடுங்கள். அப்போது பேட்டியிலிருந்தும் ஒரு நம்பகமான சதவீதம் கிடைக்கும், கை-வர்க்கச் சோதனை போட்டுவிடலாம். இல்லாவிட்டால் கைடு சொல்வது போல பேட்டியைச் சும்மா மேற்கோளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ராணி டீச்சர்

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். எம்எட் ஆய்வுக்காக ஆசிரியர்களிடம் கூகுள் ஃபார்மில் 30 கேள்வி கேட்டேன். கடைசியில் “வேறு கருத்து இருந்தால் எழுதவும்” என்று ஒரு பெட்டி. அதில் 70 பேர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் “நல்ல பயிற்சி”, “நேரம் போதவில்லை” என்று ஒரு வரி. இதைக் கலப்பு முறை என்று தலைப்பில் போடலாமா? தேன்மொழிக்குக் கிடைக்கும் பதில் எனக்கும் பொருந்துமா?

குமரேசன்

ராணி டீச்சர், உங்களுடையது வேறு பிரச்சினை. ஒரு வரிப் பதிலில் “நேரம் போதவில்லை” என்று ஒருவர் எழுதினால், எந்த நேரம், எதற்குப் போதவில்லை என்று திருப்பிக் கேட்க வழியில்லை. அதை சர்வேயின் ஒரு பகுதியாகவே அறிக்கையில் வையுங்கள், தலைப்பில் கலப்பு முறை வேண்டாம். தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம்.

தேன்மொழி, செந்தில் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. 11/16-ஐ 69% ஆக்காதீர்கள். ஆனால் இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. பேட்டிக்கு ஆள் எடுத்த விதம் சதவீதம் தரும் விதமாக இல்லையென்றால், 16-ஐ 66 ஆக்கினாலும் சதவீதம் கிடைக்காது. அதே கோணல் இன்னும் பெரிதாகத்தான் கிடைக்கும்.

அதனால் முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த 16 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? அவர்கள் அந்த 240-க்குள் இருக்கிறார்களா?

தேன்மொழி

சார், உண்மையைச் சொல்கிறேன். கிராம சுகாதார செவிலியர் அக்காதான் “இவங்க நல்லா பேசுவாங்க” என்று வீடு வீடாகக் காட்டினார். அந்த 16 பேரில் 7 பேருக்குத்தான் சர்வே எண் இருக்கிறது. மீதி 9 பேர் சர்வேயில் இல்லை. பேட்டிக்கான கேள்விகளையும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும்போதே, அதாவது சர்வே தொடங்கும் முன்பே எழுதிவிட்டேன்.

குமரேசன்

இதை ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஆய்வுத் திட்டத்தில் “முதலில் சர்வே, பின் அதை விளக்கப் பேட்டி” என்று எழுதியிருப்பீர்கள். அப்படியென்றால் சர்வேயின் முடிவுதான் பேட்டிக்கு யாரிடம் போவது, என்ன கேட்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மறந்ததே இல்லை என்றவர்களில் சிலர், அடிக்கடி மறப்பேன் என்றவர்களில் சிலர், எதிர்பார்த்ததற்கு மாறாக இருப்பவர்கள் சிலர் என்று சர்வே எண்ணைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. காலவரிசையில் பேட்டி இரண்டாவதாக வந்தது, அவ்வளவுதான். இரண்டு ஆய்வுகள் பக்கம் பக்கமாக நடந்திருக்கின்றன. அதை அப்படியே எழுதுங்கள். படத்தில் சர்வேயிலிருந்து பேட்டிக்கு ஒரு அம்புக்குறி போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். எக்ஸ்டர்னல் முதலில் அந்த அம்புக்குறியைத்தான் பிடிப்பார்.

ஆனால் எல்லாம் கெட்டுப்போகவில்லை. அந்த 7 பேர் உங்களுக்குப் பெரிய சொத்து. ஒரே ஆள், இரண்டு முறையில் கேட்டபோது என்ன சொன்னார் என்று பார்க்கலாம். ஏழு பேரின் சர்வே தாளையும் டிரான்ஸ்கிரிப்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தீம் பட்டியலைத் தொடாதீர்கள், அவர்கள் சொன்ன சொல்லையே படியுங்கள். அப்புறம் வாருங்கள்.

செந்தில் ஸ்டாட்ஸ்

ஒரு சந்தேகம் சார். 12 பேட்டி எடுத்தாலே போதும் என்று 2006-இல் ஒரு கட்டுரை இருக்கிறதே? அப்படிப் பார்த்தால் 16 தாராளம்.

குமரேசன்

நீங்கள் சொல்வது கானா, நைஜீரியா நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை வைத்து எழுதியது. ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம், ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்டபோது, புதுத் தீம்கள் பெரும்பாலும் 12-க்குள் வந்துவிட்டன என்றுதான் அவர்கள் கண்டார்கள். எந்த ஆய்வுக்கும் 12 போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. செவிலியர் காட்டிய, நன்றாகப் பேசும் 16 பேர் ஒரே மாதிரி பேசினால், ஒரே மாதிரி ஆட்களைப் பிடித்திருக்கிறோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

தேன்மொழி (மூன்று நாள் கழித்து)

குமரேசன் சார், சொன்னபடி செய்தேன். நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஏழு பேரில் 6 பேர் சர்வேயில் “மறந்ததில்லை” என்று டிக் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆறில் 4 பேர் பேட்டியில் மாத்திரையை விடுவதாகச் சொல்கிறார்கள். முதலில் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பிறகு ஒரு அம்மாவின் பேட்டியைத் திரும்பக் கேட்டேன். 58 வயது. என் கேள்வி: “ஏம்மா, மாத்திரை போட மறந்துடுவீங்களா?” அவர் பதில்: “மறக்கல்லாம் இல்லம்மா. நான்தான் போடல. வெளியூர் போற அன்னைக்கு அதைப் போட்டா பஸ்ஸுல வயித்தைக் கலக்கும். எங்க இறங்குறது?”

அவர் சர்வேயில் பொய்யே சொல்லவில்லை. நான் மறந்தீர்களா என்று கேட்டேன், அவர் மறக்கவில்லை.

நான்கு பேரில் இரண்டு பேர் இதே ரகம். மெட்ஃபார்மின் வயிற்றைப் படுத்துவதால் பயணம், கல்யாண வீடு, கோயில் போகும் நாட்களில் வேண்டுமென்றே விடுகிறவர்கள். இன்னும் இரண்டு பேர் வேறு மாதிரி. ஒரு அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: “அவருக்கும் சுகர்தான். ஆனா நோட்டு போடல. என்னோடதுல அவருக்கும் கொடுப்பேன். மூணாவது வாரமே தீந்துடும்.” இதையும் மறதி என்று யாராவது சொல்வார்களா?

மூல ஆங்கிலக் கேள்வியில் இருந்த சொல்லைத்தான் மறப்பது என்று மொழிபெயர்த்தோம். ஐந்து நிபுணர்கள் பார்த்துச் சரி என்றார்கள். ஆல்ஃபா மதிப்பும் நன்றாகத்தான் வந்தது.

முபாரக்

நான் சமூகப்பணித் துறை. களத்தில் இருந்து சொல்கிறேன். ஆல்ஃபா நன்றாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. கேள்விகள் எல்லாம் மறதியைச் சுற்றியே இருந்தால் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துத்தான் போகும். மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தாலும் இது பிடிபடாது, சொல் சரியாகத்தானே இருக்கிறது. பிடிபட வேண்டுமென்றால் சர்வேக்கு முன்பு ஐந்தாறு பேரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, “இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க, ஏன் இல்லைன்னு சொன்னீங்க?” என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் இப்போதெல்லாம் அது இல்லாமல் சர்வே தொடங்குவதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பேட்டிதான் உண்மை, சர்வே பொய் என்று சாய்ந்துவிடாதீர்கள். செவிலியர் அழைத்துப்போய் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டால், சிலர் எப்போதோ நடந்ததையும் தினமும் நடப்பது போல் சொல்வார்கள். வருடத்தில் இரண்டு முறை பஸ்ஸில் போகிற ஆளும் உங்கள் 11-க்குள் இருக்கலாம்.

குமரேசன்

முபாரக் சொல்வது முக்கியம். தேன்மொழி, இப்போது உங்கள் கேள்வியே மாறிவிட்டது, கவனித்தீர்களா? எதை நம்புவது என்று தொடங்கினீர்கள். இப்போது இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளந்தன என்று தெரிகிறது. சர்வே அளந்தது மறதியை. பேட்டியில் வந்தவை, தெரிந்தே விடுவதும் மாத்திரை தீர்ந்துபோவதும். 19%-ஐயும் 11 பேரையும் மோதவிடவே தேவையில்லை. தீசிஸில் “81% பேர் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்கள்” என்று எங்காவது எழுதியிருந்தால் அதை மட்டும் உடனே மாற்றுங்கள். “81% பேர் மறந்ததில்லை என்றார்கள்” என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குச் சக்தி இல்லை.

அடுத்த படி. பேட்டியில் கிடைத்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சர்வேக்குத் திரும்பிப் போக முடியுமா? மூன்றாவது வாரமே தீர்ந்துவிடும் என்கிறார் அந்த அம்மா. அது பரவலாக நடந்தால், மாத்திரை வாங்கி அதிக நாளானவர்களிடம் “நேற்று போட்டேன்” என்பவர்கள் குறைய வேண்டும். “நேற்று” கேள்வியில் மறதி என்ற சொல்லும் இல்லை. சர்வே நடந்த தேதி உங்களிடம் இருக்கும். கடைசியாக மாத்திரை வாங்கிய தேதி இருக்கிறதா?

தேன்மொழி

இருக்கிறது சார்! டோஸ் சரிபார்க்க அவர்கள் மாத்திரை வாங்கும் நோட்டைப் பார்த்து தேதியும் குறித்தோம். இதுவரை அந்தப் பத்தியை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

போட்டுப் பார்த்தேன். “நேற்று போடவில்லை” என்றவர்கள் மொத்தம் 29 பேர்.

வாங்கி 10 நாளுக்குள் இருந்த 154 பேரில் 9 பேர்.
11 முதல் 20 நாள் ஆன 58 பேரில் 7 பேர்.
20 நாளுக்கு மேல் ஆன 28 பேரில் 13 பேர்.

கடைசி வரியைப் பார்த்ததும் கை நடுங்கியது. நாங்கள் மாத்திரை நாளுக்கு அடுத்தடுத்த நாட்களில்தான் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம், பட்டியல் புதிதாக இருக்கும் என்பதால். அதனால்தான் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் கைநிறைய மாத்திரை இருக்கும் நேரத்தில் கேட்டிருக்கிறோம்.

செந்தில் ஸ்டாட்ஸ்

இது அருமை மேடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 28 பேர்தான். 13/28 என்பது 46%, நம்பக எல்லை போட்டால் சுமார் 30 முதல் 64 வரை போகும். அதை விடாமல் எழுதுங்கள். இன்னொன்று, இது தரவைப் பார்த்தபின் தோன்றிய கேள்வி. முன்பே திட்டமிட்ட கருதுகோள் போல எழுதினால் தப்பு.

முபாரக்

தேன்மொழி, அந்த 28 பேர் யார்? மாத்திரை நாளுக்கு அடுத்த வாரமே எல்லா வீட்டுக்கும் போனீர்கள் என்றால், 20 நாள் கழித்து இவர்களிடம் மட்டும் ஏன் போனீர்கள்?

தேன்மொழி

முதலில் போனபோது வீடு பூட்டியிருந்தது சார். வேலைக்குப் போயிருந்தார்கள். மாதக் கடைசியில் மறுபடி போய்ப் பிடித்தோம்.

முபாரக்

அப்படியென்றால் மாதக் கடைசி என்பதும், கூலி வேலைக்குப் போகிறவர் என்பதும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர் சாப்பிடாமல் மாத்திரை போட முடியாது என்று விட்டிருக்கலாம். மாத்திரை தீர்ந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

குமரேசன்

நல்ல கேள்வி. எனக்கு இது தோன்றவில்லை. தொழில் பத்தி இருந்தால் கூலி வேலைக்காரர்களை மட்டும் எடுத்து நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள், தேன்மொழி.

தேன்மொழி

பார்த்தேன். 10 நாளுக்குள் கேட்ட 154 பேரில் கூலி வேலைக்காரர்கள் 31 பேர், அதில் நேற்று போடாதவர்கள் 3. மாதக் கடைசி 28 பேரில் கூலிக்காரர்கள் 19, அதில் போடாதவர்கள் 9. மாத்திரை தீர்வதன் பக்கம்தான் சாய்கிறது என்று எனக்குப் படுகிறது.

முபாரக்

சாய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் தடவையே வீட்டில் கிடைத்த கூலிக்காரரும் கிடைக்காத கூலிக்காரரும் ஒரே ரகமா? அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவராக இருக்கலாம். எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

ராணி டீச்சர்

நான் வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி. இதையெல்லாம் எக்ஸ்டர்னல் எந்த அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்? இத்தனை குறையைத் தானே எழுதிக்கொடுத்தால் மதிப்பெண் போகாதா?

குமரேசன்

நான் சில தீசிஸ்களை மதிப்பிட்டிருக்கிறேன், அதனால் என் பழக்கத்தைச் சொல்கிறேன். எம்எம்ஏடி என்று ஒரு மதிப்பீட்டுக் கருவி உண்டு, 2018 பதிப்பு. வெளியான ஆய்வுகளை எடைபோடத்தான் அதை முதலில் உருவாக்கினார்கள், ஆனால் வைவாவுக்கும் உதவும். அதில் கலப்பு முறைக்கென்று ஐந்து கேள்விகள். இரண்டு முறையும் ஏன் தேவைப்பட்டது, உண்மையில் இணைத்தார்களா, இணைத்ததிலிருந்து என்ன புரிந்துகொண்டார்கள், முரண்பட்ட இடத்தை என்ன செய்தார்கள், ஒவ்வொரு பகுதியும் தன் தன் முறைக்குரிய தரத்தில் இருக்கிறதா. முரண்பாடு ஒரு தனிக் கேள்வியாகவே இருக்கிறது, பாருங்கள். முரண்பாட்டை மறைத்தால்தான் அங்கே அடி விழும். இந்த ஐந்தையும் கூட்டி ஒரு மொத்த மதிப்பெண் போட வேண்டாம் என்று அந்தக் கருவியை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள்.

தேன்மொழியின் ஆய்வில் ஐந்தாவது கேள்வியில் குறை இருக்கிறது. ஆள் எடுத்த விதம் சரியில்லை. அதை இனிமேல் சரிசெய்ய முடியாது, எழுதத்தான் முடியும். இரண்டாவதும் நான்காவதும் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன. நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களுக்குப் பிறகு இணைப்புக்கென்று ஒரு தனி அத்தியாயம் வையுங்கள். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை. ஒரு வரியை நான் எழுதிக் காட்டுகிறேன்.

சர்வே: 240-இல் 46 பேர் மறந்தது உண்டு என்றார்கள்.
பேட்டி: “மறக்கல்லாம் இல்லம்மா. நான்தான் போடல.” சர்வேயிலும் இருந்த 7 பேரில், மறந்ததில்லை என்ற 6 பேரில் 4 பேர் தெரிந்தே விட்டார்கள் அல்லது மாத்திரை தீர்ந்ததால் விட்டார்கள்.
சேர்த்துப் பார்த்தால்: கேள்வி மறதியை மட்டும் பிடித்தது. விடுவதன் மொத்த அளவு இந்த சர்வேயிலிருந்து தெரியாது.

கணவனுக்குப் பங்கு கொடுப்பது பற்றி சர்வேயில் கேள்வியே இல்லை அல்லவா? அந்த வரியில் சர்வே பத்தியை “மௌனம்” என்று குறியுங்கள். வெற்றாக விடாதீர்கள். ஒரு முறை பேசி இன்னொன்று பேசாத இடமும் ஒரு கண்டுபிடிப்புதான்.

தேன்மொழி

இன்று கைடைப் பார்த்தேன். அட்டவணையைக் காட்டினேன். ஏழு பேரின் வரியை நீண்ட நேரம் பார்த்தார். முக்கோணச் சரிபார்ப்பு என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுக்க இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் தனி அத்தியாயத்துக்குச் சரி என்றார்.

அந்த 28 பேரிடம் திரும்பப் போய் வீட்டில் வேறு யாருக்காவது மாத்திரை பங்கு போகிறதா என்று கேட்க ஆசை. நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முபாரக் சார், கேள்வியை எப்படிக் கேட்டால் அவர்களுக்கு மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வராது? “மாத்திரை மாசக் கடைசி வரைக்கும் வருதா?” என்று தொடங்கினால் போதுமா?

முபாரக்

அதையே ஐந்து பேரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். ஆனால் செவிலியர் அக்கா இல்லாமல் போங்கள்.